கொய்யா கனியும்போது உள்ளே புழு: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

பழம் மஞ்சளாக, மணமாக, குறையே இல்லாமல் இருக்கும். இரண்டாக வெட்டினால் நடுச்சதை குழைந்து கிடக்கும். அதற்குள் வெள்ளைப் புழுக்கள் நெளியும். எந்த வழியாக நுழைந்தன என்று பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் ஓட்டை அகப்படாது. அதனால்தான் பலர் புழு பூவிலேயே வந்துவிட்டது என்று நம்பி, மரம் பூக்கும்போது மருந்து அடிக்கிறார்கள். அந்த மருந்து இந்தப் புழுவைத் தொடுவதே இல்லை. தேனீயைத்தான் விரட்டுகிறது.

இது பழ ஈயின் வேலை. வீட்டு ஈயைவிடச் சற்று மெலிந்த, குளவி போன்ற இடுப்புடைய, பழுப்பில் மஞ்சள் கோடுகள் கொண்ட ஈ இது. காய் முற்றி, பச்சை வெளிறத் தொடங்கும் செங்காய்ப் பருவத்தில் பெண் ஈ அதன் மேல் உட்கார்ந்து, வயிற்றின் நுனியில் உள்ள ஊசி போன்ற குழாயால் தோலைக் குத்தி அடியில் முட்டைகளை வைக்கிறது. வெப்பமான காலத்தில் ஒன்றிரண்டு நாளில் முட்டை பொரிகிறது. புழு 7 முதல் 10 நாள் வரை சதையைத் தின்று வளர்கிறது. பிறகு பழத்தை விட்டு வெளியேறி மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் ஆழத்தில் கூட்டுப்புழுவாகிறது. சுமார் 10 நாளில் அங்கிருந்து புது ஈ வருகிறது. குளிர்ந்த காலத்தில் இந்தக் கணக்கு நீளும்.

இந்த நாள் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று வெட்டிய பழத்தில் பெரிய புழு இருந்தால், ஈ குத்தியது ஒரு வாரத்துக்கும் முன்னால். நீங்கள் பார்ப்பது பழைய தவறின் விளைவு. காயைக் காக்கக் கட்டும் காகிதப் பையும் ஈயைப் பிடிக்க வைக்கும் பொறியும் எங்கே கைவிட்டன என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல துப்பு கிடையாது.

## முதலில்: இது எந்தப் புழு?

வெட்டிய பழத்தில் ஒரு புழுவை எடுத்து வெள்ளைத் தட்டில் வையுங்கள். தலை என்று தனியாக ஒன்றும் தெரியாமல், கால்களும் இல்லாமல், ஒரு முனை கூராகவும் மறுமுனை மழுங்கியும் பால் நிறத்தில் இருந்தால் அது பழ ஈயின் புழு. முற்றிய புழு சுமார் 1 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். உடலை வில்லாக வளைத்துத் திடீரெனத் துள்ளவும் செய்யும். அந்தத் துள்ளலைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

கரும்பழுப்புத் தலையும் கால்களும் தெளிவாகத் தெரிந்து, பழத்தின் தோலில் கண்ணுக்குத் தெரியும் ஓட்டையும் அதன் வாயில் எச்சத் துகளும் ஒட்டியிருந்தால் அது காய் துளைப்பான். வண்ணத்துப்பூச்சி அல்லது அந்துப்பூச்சியின் புழு. ஈக்காக வைக்கும் பொறி அதற்குப் பயன்படாது. காகிதப் பை பயன்படும். ஆனால் அது காய் சிறியதாக இருக்கும்போதே தாக்கும் என்பதால் பையை இன்னும் முன்கூட்டிக் கட்ட வேண்டும்.

புழு மிகச் சிறியதாக, அதுவும் தரையில் கிடந்து அழுகிய பழத்தில் மட்டும் இருந்தால், புளித்த வாடைக்கு வரும் சின்னஞ்சிறு ஈக்களின் புழுவாக இருக்கலாம். அவை கெட்ட பழத்தைத் தேடி வருபவை, நல்ல பழத்தைக் கெடுப்பவை அல்ல. இந்த வேறுபாடு பொறி பற்றிப் பேசும்போது மறுபடி வரும்.

இனி எல்லாம் பழ ஈ பற்றியே.

## அறிகுறி: காய் கெட்டியாக இருக்கிறது, தோலில் ஊசி குத்தியது போன்ற புள்ளிகள்

வெயில் படும் பக்கத்தைச் சாய்த்துப் பாருங்கள். குத்திய இடம் சற்றே குழிந்து, சுற்றிலும் கரும்பச்சை அல்லது பழுப்பு வளையத்தோடு இருக்கும். சில காயில் அதிலிருந்து ஒரு துளி சாறு வடிந்து காய்ந்திருக்கும். அந்த இடத்தில் தோலை மெல்லச் சீவினால், அரிசி நொய்யைவிடச் சன்னமான, சற்றே வளைந்த வெள்ளை முட்டைகள் ஒரே கொத்தாகத் தெரியும். கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

முட்டை இருந்தால் அந்தக் காய்க்குப் பை கட்டி ஒரு பயனும் இல்லை. எதிரியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவது போல் ஆகிவிடும். பறித்துவிடுங்கள். குத்திய பகுதியை ஆழமாக அரிந்து எறிந்துவிட்டு மீதியை அன்றே தின்னலாம். புழுவுக்கோ முட்டைக்கோ நஞ்சு கிடையாது. பத்துக் காயில் ஒன்றிரண்டில் புள்ளி இருந்தால் அது எச்சரிக்கை மணி. மீதிக் காய்களுக்குப் பை கட்டும் நாள் அன்றுதான். நாளை என்றால்கூட ஒரு நாள் பிந்தியது.

எல்லாப் புள்ளியும் ஈயின் குத்து அல்ல. கொப்புளம் போல் உலர்ந்து, சொரசொரப்பாக, தக்கை போல் மேலெழும்பிய புள்ளிகளை, பிஞ்சிலேயே சாறு உறிஞ்சும் பூச்சிகள் உண்டாக்குகின்றன. அவற்றைச் சீவினால் அடியில் முட்டை இருக்காது. தோல் அழகு கெடுமே ஒழியச் சதை நன்றாக இருக்கும். அந்தக் காய்களைத் தூக்கி எறிய வேண்டாம்.

## அறிகுறி: பழங்கள் முன்கூட்டியே உதிர்கின்றன, தொட்டால் ஒரு பக்கம் மெத்தென்று அமுங்குகிறது

மற்றப் பழம் கெட்டியாக இருக்கும்போது இது மட்டும் மென்மையாகிறது என்றால் உள்ளே புழு பாதி வளர்ந்துவிட்டது. இந்தப் பழத்தைக் காப்பாற்ற முடியாது. ஆனால் இதை என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் மூன்று வாரம் கழித்து வரும் பழங்களின் கதி.

உதிர்ந்த பழத்தை இரண்டு நாள் தரையில் விட்டால் புழு வெளியேறி மண்ணுக்குள் போய்விடும். பிறகு பழத்தைப் பொறுக்கிப் பயனில்லை. அதனால் காய்ப்புக் காலத்தில் தினமும், முடியாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள், மரத்தடியைப் பொறுக்குங்கள். மரத்திலேயே மெத்தென்று தொங்குபவற்றையும் சேர்த்துப் பறித்துவிடுங்கள்.

பொறுக்கியதை உரக்குழியில் கொட்டுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. வீட்டு உரக்குழி புழுவைக் கொல்லும் அளவுக்குச் சூடேறுவதில்லை. ஈரமும் மறைவும் உள்ள அந்த இடம் கூட்டுப்புழுவுக்கு மெத்தை. அதற்குப் பதில், கெட்டியான கறுப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுக்கி, நல்ல வெயிலில் ஒரு வாரம் பத்து நாள் வையுங்கள். உள்ளே வேகும். வெயில் இல்லாத காலமானால் மூடியுள்ள வாளித் தண்ணீரில் மூழ்கும்படி கல் வைத்து ஒரு வாரம் ஊறவிடுங்கள். புதைப்பதானால் அரை மீட்டருக்கும் கீழே போட்டு மண்ணை மிதித்து இறுக்க வேண்டும். அரையடிக் குழியிலிருந்து ஈ மேலேறி வந்துவிடும்.

மரத்தடி மண்ணை வாரம் ஒருமுறை மண்கிளறியால் மேலாக, நான்கைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கிளறிவிட்டால், கோதுமை மணி போன்ற பழுப்புக் கூடுகள் மேலே வரும். வெயிலும் எறும்பும் பறவையும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஆழமாகக் கொத்த வேண்டாம். கொய்யாவின் உணவு வேர்கள் மேல்மண்ணில்தான் இருக்கின்றன.

## அறிகுறி: பை கட்டியும் உள்ளே புழு

'காகிதப் பையெல்லாம் வேலைக்கு ஆகாது' என்று ஒருமுறை கட்டிப் பார்த்துக் கைவிட்டவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நானும் ஒரு பருவம் முழுக்க அப்படித்தான் எண்ணினேன். பிறகு பையோடு பறித்த பழங்களை ஒவ்வொன்றாக மேசையில் வைத்து வெட்டி, பக்கத்தில் அந்தந்தப் பையையும் விரித்துப் பார்த்தபோது கதை வேறாக இருந்தது.

அந்தப் பருவம் 52 பழங்களுக்குப் பை கட்டியிருந்தேன். கட்டிய தேதியைப் பையின் மேல் பென்சிலால் எழுதும் பழக்கம் இருந்தது நல்லதாயிற்று. 11 பழத்தில் புழு.

அவற்றில் 6 பழங்கள் கடைசி நாளில், அவசரமாகக் கட்டியவை. பறித்தபோது பைக்கு வயது 6 நாள். உள்ளே துள்ளும் அளவுக்கு முற்றிய புழு. முட்டை பொரிய ஒன்றிரண்டு நாள், புழு முற்ற ஒரு வாரத்துக்கு மேல் என்றால், ஈ குத்தியது பை கட்டுவதற்கு முன்னால். குற்றம் பையுடையது அல்ல; கட்டும்போதே அந்தக் காய்கள் வெளிறத் தொடங்கியிருந்தன.

அடுத்த 4 பழங்களின் பைகள் ஒரு மாதத்துக்கும் முந்தியவை. அப்படியானால் முட்டை பை வழியாகவே வந்திருக்க வேண்டும். பைகளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபோது, பழம் காகிதத்தோடு அழுந்தியிருந்த பக்கத்தில் சிறு ஊசித்துளைகள் தெரிந்தன. பழத்தோலிலும் அதற்கு நேர் எதிரே குத்து இருந்தது. எல்லாமே பெரிய பழங்கள். பை அவற்றுக்குச் சட்டை போல ஒட்டிக்கிடந்தது. மழையும் பெய்திருந்தது. நனைந்த காகிதம் பழத்தில் ஒட்டிக்கொண்டால் ஈக்கு அது ஒரு தடையே அல்ல.

மீதி ஒரு பழத்தில், பையின் கழுத்தில் ஓர் இலையும் சேர்ந்து சிக்கி, விரல் நுழையும் இடைவெளி இருந்தது. ஈ அதன் வழியாகவே உள்ளே போயிருக்கிறது. எறும்பும் அதே வழியில் போயிருந்தது.

பை தோற்பதற்கு இந்த மூன்றையும் விட்டால் வேறு காரணத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. பிந்திக் கட்டுவது, இறுக்கமாக ஒட்டும் பை, தளர்ந்த கழுத்து. உங்கள் புழுப் பழத்தையும் இப்படியே விசாரியுங்கள். பைக்கு 10 நாளுக்குக் குறைவான வயது, புழுவோ முற்றியது என்றால் பிந்திக் கட்டியது. பழைய பை என்றால் துளையைத் தேடுங்கள். துளை இல்லையென்றால் கழுத்தைப் பாருங்கள்.

எப்போது கட்டுவது. காய் எலுமிச்சை அளவுக்கு, அதாவது சுமார் 4 சென்டிமீட்டர் குறுக்களவுக்கு வந்து, இன்னும் கரும்பச்சையாக, கல்லாக இருக்கும்போது. அதைவிடச் சிறிய பிஞ்சுக்குக் கட்டினால் தவறில்லை, ஆனால் கொய்யா நிறையப் பிஞ்சுகளைத் தானே உதிர்க்கும்; பாதிப் பையும் உழைப்பும் வீணாகும். எல்லாக் காயும் ஒரே நாளில் அந்த அளவுக்கு வருவதில்லை. அதனால் ஒரே நாளில் கட்டி முடிக்க ஆசைப்படாதீர்கள். 10 நாள் இடைவெளியில் மூன்று சுற்று வாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் எலுமிச்சை அளவை எட்டியவற்றுக்கு மட்டும் கட்டுங்கள். பெரிதாகி வெளிறிப்போன காய் கண்ணில் பட்டால் அதற்குப் பையைச் செலவழிக்காமல் பறித்துச் சாப்பிட்டுவிடுங்கள்.

பை செய்வது. செய்தித்தாள் இரண்டு மடிப்பாக இருந்தால் போதும். பளபளப்பான வார இதழ்த் தாள் வேண்டாம். காற்றுப் போகாமல் உள்ளே வேர்க்கும். முடிந்த பையின் அளவு 15 சென்டிமீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் நீளம். பெரிய பழம் தரும் வகைக்கு 20க்கு 25. தாளை இரண்டாக மடித்து, பக்கத்தையும் அடியையும் ஒரு சென்டிமீட்டர் மடித்து ஸ்டேப்ளர் அடியுங்கள். மாவுப்பசை போட்டால் எறும்பும் கரப்பானும் தேடி வரும். மழை மிகுந்த காலத்தில் பழுப்பு நிறப் பார்சல் காகிதம் செய்தித்தாளைவிட வெகுநாள் தாங்கும். காகிதப் பைக்குப் பெரிய வடிகால் ஓட்டை தேவையில்லை. அடியில் ஊசியால் இரண்டு மூன்று குத்து குத்தினால் தண்ணீர் வடியும், ஈ நுழையாது.

கட்டுவது. ஒரே கொத்தில் இரண்டு மூன்று காய் ஒட்டி இருந்தால் ஒன்றை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். காய்கள் தொட்டுக்கொண்டிருக்கும் சந்தில்தான் எல்லாப் பூச்சியும் ஒளியும். காயைத் துணியால் ஒருமுறை துடையுங்கள். அடிப்புறத்தில் பூவின் புல்லி இதழ்கள் காய்ந்து ஒட்டியிருக்கும் குழிக்குள் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பைக்குள் கையை விட்டு நன்றாக ஊதிவிட்டாற்போல் விரித்து, காயை உள்ளே விட்டு, வாயைக் கொசுவம் போல் சேர்த்துப் பிடியுங்கள். கொய்யாக் காம்பு குட்டையானது. காம்பில் கட்டினால் பை பழத்தின் தோளில் அழுந்தும். காம்புக்கு மேலே உள்ள குச்சியோடு சேர்த்துச் சணலாலோ உறை பூசிய மெல்லிய கம்பியாலோ இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். உள்ளே இலை எதுவும் வேண்டாம். கட்டி முடித்த பின் பையை மெல்ல ஆட்டிப் பாருங்கள். காய் பையின் நடுவே, எந்தப் பக்கமும் படாமல் தொங்க வேண்டும். அந்த இடைவெளி இரண்டு விரல் அகலமாவது இருந்தால்தான் பழம் பருத்த பின்னும் மிஞ்சும்.

அடுத்த பருவம் நான் இந்த மூன்றை மட்டும்தான் மாற்றினேன். கட்டியவை 58. புழு வந்தவை 3. அந்த மூன்றும் பை கிழிந்திருந்தும் நான் கவனிக்காமல் விட்டவை.

## அறிகுறி: பை நைந்து கிழிகிறது, அல்லது உள்ளே பூஞ்சணம், வெள்ளைப் பொடி

செய்தித்தாள் வெயிலில் ஐந்தாறு வாரம் தாங்கும். தொடர்மழையில் அதைவிடச் சீக்கிரம் நையும். வாரம் ஒருமுறை மரத்தைச் சுற்றி வந்து கிழிந்ததை மாற்றுங்கள். மழை விட்ட மறுநாள் சுற்றுவதுதான் மிக முக்கியம். காகிதம் பழத்தில் ஒட்டியிருந்தால் காயும் முன் விரலால் விலக்கிவிடுங்கள்.

பையைத் திறந்தால் வெள்ளைப் பஞ்சு போல் மாவுப்பூச்சியும் அதைச் சுற்றி எறும்பும் இருந்தால், பூச்சி கட்டும்போதே உள்ளே இருந்திருக்கிறது. எறும்பு அதைப் பாதுகாத்து வளர்த்திருக்கிறது. பழத்தைச் சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்துப் புதுப் பை போடுங்கள். அடிமரத்தில் ஒரு துணிப் பட்டையைச் சுற்றி அதன் மேல் கிரீஸ் தடவினால் எறும்பு ஏறாது. கிரீஸை நேராகப் பட்டையில் பூசக் கூடாது.

கறுத்த வட்டப் புள்ளிகள் பரவினால் அது பூஞ்சை நோய். பை அதைத் தடுக்காது. கிளைகளை அறுத்து உள்ளே காற்றும் வெளிச்சமும் போக வழி செய்வதுதான் அதற்கு மருந்து. மரத்தை எட்டும் உயரத்தில் வைத்திருந்தால் பை கட்டவும் அதுவே வசதி.

## அறிகுறி: பொறியில் ஈ குவிகிறது, ஆனாலும் பழத்தில் புழு

இது எல்லோரையும் குழப்பும் ஒன்று. கவர்ச்சிப் பொறியில் வைப்பது மீதைல் யூஜினால் என்ற மணப்பொருள். சில பழ ஈ இனங்களில் ஆண் ஈக்கள் அதற்காக எங்கிருந்தோ பறந்து வரும். 1912இல் பீகாரில் உள்ள பூசாவில் பணியாற்றிய பூச்சியியலாளர் ஹாவ்லெட், சிட்ரனெல்லா எண்ணெய்க்கு ஆண் பழ ஈக்கள் மொய்ப்பதைப் பதிவு செய்தார். அந்த எண்ணெயில் ஈர்க்கும் பொருள் மீதைல் யூஜினால்தான் என்பது பின்னர் அவராலேயே கண்டறியப்பட்டது. வருபவை ஆண்கள் மட்டும். பழத்தைக் குத்துவதோ பெண்.

ஆண்களையெல்லாம் பிடித்துவிட்டால் பெண்ணுக்குத் துணை கிடைக்காது, முட்டை பொரியாது என்பதே கணக்கு. அது நடக்கும். 1960களில் பசிபிக்கில் உள்ள ரோட்டா தீவில், மீதைல் யூஜினாலும் பூச்சிக்கொல்லியும் ஊறிய அட்டைத் துண்டுகளைத் தீவு முழுக்கப் போட்டு இந்த ஈயை முற்றாக ஒழித்தார்கள். ஆனால் அது நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவு. உங்கள் மரத்தைச் சூழ்ந்திருப்பது அடுத்தவர் மரங்கள். அங்கே இணைசேர்ந்த பெண் ஈ உங்கள் வேலியைத் தாண்டி வர ஒரு நிமிடம் போதும். ஆண்கள் நிறைந்த பொறியைப் பார்த்துப் 'பழம் தப்பித்தது' என்று பையைக் கட்டாமல் விடுவது பெரிய இழப்பில் முடியும்.

அப்படியானால் ஆண் பொறி எதற்கு? நான் அதை எச்சரிக்கை மணியாகப் பயன்படுத்துகிறேன். காய்கள் நெல்லிக்காய் அளவில் இருக்கும்போதே தொங்கவிட்டு, வாரம் ஒருமுறை எண்ணி எழுதுகிறேன். இரண்டு மூன்று என்றிருந்த எண்ணிக்கை ஒரே வாரத்தில் பல மடங்காகத் தாவினால், ஈ பெருகும் காலம் தொடங்கிவிட்டது. பை கட்டும் சுற்றை விரைவுபடுத்த வேண்டும். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து தொங்கவிட்டால் மட்டுமே எண்ணிக்கையைக் குறைக்கவும் அது உதவும்.

செய்வது எளிது. ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் மேல் மூன்றில் ஒரு பங்கில், எதிரெதிராக மூன்று நான்கு ஓட்டைகள், சுண்டுவிரல் நுனி நுழையும் அளவில். மூடியிலிருந்து கம்பியில் ஒரு பஞ்சுத்திரி, ஓட்டைகளின் உயரத்தில் தொங்கட்டும். அதில் ஒன்றிரண்டு மில்லி மீதைல் யூஜினால். அடியில் மூன்று விரல் உயரம் சோப்புக் கரைத்த தண்ணீர். கையுறை போட்டே கையாளுங்கள். புற்றுநோய் உண்டாக்கக்கூடும் எனக் கருதப்படும் பொருட்களில் மீதைல் யூஜினாலும் ஒன்று. திரி பழத்தில் படக் கூடாது. நிழலில், ஆள் உயரத்தில் தொங்கவிட்டு, தொங்கும் கம்பியில் கிரீஸ் தடவுங்கள். இல்லாவிட்டால் எறும்பு செத்த ஈயைத் தூக்கிப்போய் உங்கள் எண்ணிக்கையைக் குலைத்துவிடும். நான்கு முதல் ஆறு வாரத்தில் மணம் தீரும்.

பெண்ணைப் பிடிக்க வேறு தூண்டில் வேண்டும். முட்டை முற்றப் பெண் ஈக்குப் புரதம் தேவை. அதைத் தேடி அலையும். ஈஸ்ட் அதற்கு உகந்தது. கால் லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி ரொட்டி ஈஸ்ட், இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை கரைத்து, ஒரு நாள் புளிக்கவிட்டு, இரண்டு சொட்டுத் திரவச் சோப்பு விட்டு, அதே மாதிரிப் பாட்டிலில் ஊற்றி இலைகளின் நடுவே தொங்கவிடுங்கள். வாரம் ஒருமுறை மாற்றாவிட்டால் கெட்டுப்போய் ஈர்க்காது. இதன் வாடை சில மீட்டருக்கு மேல் போகாது, பிடிபடுவதும் ஆண் பொறியில் விழுவதில் சிறு பங்குதான். ஆனால் விழும் ஒவ்வொரு பெண்ணும் நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கக்கூடியது என்பதால் மரத்துக்கு இரண்டு பாட்டில் வைக்கத் தயங்குவதில்லை நான். மீதைல் யூஜினாலை இதே பாட்டிலில் சேர்க்காதீர்கள், தனித்தனியாக வையுங்கள்.

விழுந்தது பெண்ணா என்று அறிய வயிற்றின் நுனியைப் பாருங்கள். கூரான குழாய் நீட்டிக்கொண்டிருந்தால் பெண். மழுங்கி உருண்டிருந்தால் ஆண்.

## அறிகுறி: பொறியில் கடுகளவு ஈக்கள் மட்டும், அல்லது ஒன்றுமே இல்லை

பொறியில் வினிகரோ பழச்சாறோ வைத்திருக்கிறீர்களா? விழுந்தவை இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளத்தில், செங்கண்ணோடு இருந்தால் அவை அழுகலைத் தேடி வரும் சின்ன ஈக்கள். கொய்யாவைக் குத்தும் ஈ அவற்றைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிது. நூறு சின்ன ஈ விழுந்தாலும் உங்கள் பழத்துக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை. தூண்டிலை மாற்றுங்கள்.

மீதைல் யூஜினால் வைத்தும் ஒன்றும் விழவில்லை, ஆனால் பழத்தில் புழு இருக்கிறது என்றால், முதலில் பொருள் பழையதா என்று பாருங்கள். வெயிலில் தொங்கினால் வேகமாக ஆவியாகும். அடுத்து, வாங்கியது எந்த ஈக்கானது என்று பாருங்கள். பூசணி, பாகல், சுரை போன்ற கொடிக்காய்களின் ஈக்கு விற்கும் கவர்ச்சிப் பொருள் வேறு. உருவில் ஒன்றுபோல் இருக்கும், அந்தப் பொருள் ஊறிய கட்டையைக் கொய்யாவில் தொங்கவிட்டால் கொய்யா ஈ திரும்பியும் பார்க்காது.

## அறிகுறி: பறிக்கும்போது நல்ல பழம், மூன்று நாளில் புழு

பறித்த அன்று பழத்தில் இருந்தது முட்டை அல்லது நூலளவு புழு. வெட்டினாலும் கண்ணில் பட்டிருக்காது. பை கட்டாத பழத்தில் இது சகஜம். பை கட்டிய பழத்தில் இப்படி வந்தால் பெரும்பாலும் பறிப்பதற்கு முந்தைய சில நாளில் பையைத் திறந்து பார்த்திருப்பீர்கள். சரியாக மூடாமல் விட்டிருப்பீர்கள். பழுத்ததா என்று பார்க்கப் பையைப் பிரிக்காதீர்கள். மரம் கனிந்த மணம் வீசும் அந்த நாட்களில்தான் ஈ மிகுதியாகச் சுற்றும். பைக்கு வெளியிலிருந்தே உள்ளங்கையில் ஏந்தி மெல்ல அழுத்திப் பாருங்கள். கல் போன்ற தன்மை போய் ரப்பர் போல் சிறிது நெகிழ்ந்தால் பையோடு பறித்து வீட்டுக்குள் கொண்டுவந்து பிரியுங்கள். பைக்குள் வெயில் படாமல் வளர்ந்த பழம் வெளிப் பழத்தைவிட வெளிறி, வழவழப்பாக இருக்கும். நிறத்தை நம்பாமல் கையை நம்புங்கள்.

பிரித்த பையைக் கசக்கி எறியும் முன், வெளிச்சத்துக்கு நேரே ஒருமுறை பிடித்துப் பாருங்கள். நீங்கள் குத்தாத இடத்தில் ஊசித்துளை தெரிந்தால் அந்தப் பழத்தை முதலில் வெட்டுங்கள். அதே அளவுப் பை கட்டிய மற்றப் பழங்களையும் அன்றே மரத்திலிருந்து இறக்கிவிடுங்கள்.